இருவர் வாசிப்பும் ஒரு முடிவும்
கோஹனின் கப்பா எண்ணும் அது தாழும்போது செய்யத்தக்கனவும்

பாடசாலைக்கு ஒரு நாள் வராதிருந்த பிள்ளை மறுநாள் தகப்பனாரின் கடிதத்தோடு வருகின்றது. கடிதத்தில், “மனைவிக்குச் சுகமில்லாதபடியாலும் கைக்குழந்தையைப் பார்க்க வேறு ஆளில்லாதபடியாலும் மகளை நேற்று அனுப்ப முடியவில்லை” என்று எழுதப்பட்டிருக்கின்றது. இப்பிள்ளை வராமைக்குக் காரணம் யாது? நோய் என்பார் ஒருவர். வீட்டுவேலை என்பார் மற்றொருவர். இருவரும் கடிதத்தைக் கவனமாகவே வாசித்தவர்கள். எனினும் முடிவு இரண்டாகின்றது.

ஒரு கடிதத்தோடு முடியுமாயின் இது பெரிதன்று. ஆனால் ஒரு பாடசாலையில் பல தவணைகளாகச் சேர்ந்த இத்தகைய கடிதங்களைத் தொகுத்து, பிள்ளைகள் வராமைக்கு முதற்காரணம் எதுவெனக் கண்டு, அதன்படி ஒரு நடவடிக்கை எடுக்க எண்ணுகின்றனர் என்று வைத்துக்கொள்ளலாம். நோயே முதற்காரணமாயின் மருத்துவப் பரிசோதனைக்கு ஏற்பாடு செய்ய வேண்டும். வீட்டுவேலையே முதற்காரணமாயின், தாய்மார் வேலைக்குச் செல்லும் வேளையிற் சிறு குழந்தைகளைப் பராமரிக்க ஓர் இடம் வேண்டும். கையிலுள்ள பணம் இரண்டில் ஒன்றுக்கே போதும். இந்நிலையில், கடிதங்களை வாசிப்பவர் மாறினால் முடிவும் மாறிவிடுமோ என்ற கேள்வி வெறும் கல்விக் கேள்வியாக இராது.

இதனாலேயே, எழுத்தையோ பேச்சையோ வகைப்படுத்திக் கணக்கிடும் ஆய்வுகளில் ஒரே தொகுதியை இருவர் தனித்தனியே வாசித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு வகைக்குறி இடுவது வழக்கம். பின்னர் இருவர் இட்ட குறிகளும் எவ்வளவு ஒத்திருக்கின்றன என்று அளக்கப்படும். அந்த அளவைகளுள் மிகுதியாகப் பயன்படுவது கோஹனின் கப்பா என்பது. அமெரிக்க உளவியலாளர் ஜேக்கப் கோஹன் 1960ஆம் ஆண்டு வெளியிட்ட ஒரு கட்டுரையில் அதனை வகுத்தார். கணக்கு எளிது, அது தரும் எண்ணைப் பொருள் கொள்வதிலேயே பலர் இடறுகின்றனர். மேற்கூறிய கடிதங்களையே எடுத்துக்காட்டாகக் கொண்டால் இரண்டும் விளங்கும்.

ஓர் ஆசிரியையும் ஓர் ஆசிரியரும் ஒரே 100 கடிதங்களை வாசிக்கின்றனர். நோய், வீட்டுவேலை, பிற என மூன்று வகைகள் வகுக்கப்பட்டுள்ளன. ஆசிரியை 52 கடிதங்களை நோயிலும், 30 கடிதங்களை வீட்டுவேலையிலும், 18 கடிதங்களைப் பிறவற்றிலும் சேர்க்கின்றார். ஆசிரியரோ நோயில் 35, வீட்டுவேலையில் 48, பிறவற்றில் 17 எனப் பிரிக்கின்றார். இருவரும் சேர்ந்து நோய் என்றவை 30. சேர்ந்து வீட்டுவேலை என்றவை 25. சேர்ந்து பிற என்றவை 13. ஆகவே நூறில் 68 கடிதங்களில் இருவரும் ஒத்துப்போகின்றனர்.

68 என்ற இந்த எண்ணோடு நின்றுவிடலாகாதோ எனின், ஆகாது. காரணம், ஒரு கடிதத்தையும் வாசியாமலே ஓரளவு ஒத்துப்போக முடியும். இருவர் தனித்தனியே நாணயம் சுண்டினாலும் ஏறக்குறையப் பாதித் தடவை இருவர்க்கும் ஒரே பக்கம் விழுமன்றோ? ஆசிரியை கடிதங்களைப் பிரித்துப் பாராமலே, கண்ணை மூடிக்கொண்டு 52 உறைகளின் மேல் நோய் என்று எழுதுகின்றார் என்று கொள்ளலாம். ஆசிரியரும் அவ்வாறே 35 உறைகளின் மேல் நோய் என்று எழுதுகின்றார். ஆசிரியையின் 52 உறைகளில் நூற்றுக்கு 35 வீதமானவை, அதாவது சுமார் 18, ஆசிரியரிடமும் நோய் என்றே அமையும். இதே முறையில் வீட்டுவேலைக்கு 30இல் நூற்றுக்கு 48 வீதம், அதாவது 14.4. பிறவற்றுக்கு 18இல் நூற்றுக்கு 17 வீதம், அதாவது சுமார் 3. இம்மூன்றையும் நுணுக்கமாகக் கூட்டினால் 35.66 வரும். வாசியாமலே கிடைக்கக்கூடிய தற்செயல் இணக்கம் இவ்வளவு.

கோஹன் செய்தது இதனைக் கழித்தமையே. உண்மையிற் கண்ட இணக்கம் 68. தற்செயலால் வரக்கூடியது 35.66. மிகுதி 32.34. இது வாசிப்பினால் வந்த ஆதாயம். முழுமையாக ஒத்துப்போயிருப்பின் அந்த ஆதாயம் எவ்வளவாக இருந்திருக்கும்? 100இலிருந்து 35.66ஐக் கழித்தால் 64.34. பெற்றதைப் பெறக்கூடியதால் வகுத்தால் 0.50 வருகின்றது. இதுவே கப்பா. சூத்திரமாக எழுதுவோர் κ = (Po − Pe) / (1 − Pe) என்பர். இங்கே Po என்பது கண்ட இணக்கம். Pe என்பது தற்செயல் இணக்கம். இரண்டும் பின்னமாகக் கொள்ளப்படும்.

எல்லாக் கடிதங்களிலும் ஒத்துப்போனால் கப்பா 1 ஆகும். தற்செயலுக்கு மேல் ஒன்றும் இல்லையாயின் 0. தற்செயலிலும் குறைவாக ஒத்துப்போனால் எதிர் எண்ணாகும். 0.50 என்பது இடைநிலை. இருவர் வாசிப்பும் கண்ணை மூடி எழுதியதைவிட மேலானது. ஆனால் அடையத்தக்க தூரத்தில் பாதியையே அடைந்திருக்கின்றது.

இந்த எண் போதுமா, போதாதா என்பதற்கு ஒரு பட்டியல் பலராலும் எடுத்தாளப்படுகின்றது. லாண்டிஸ், கோக் என்னும் இருவர் 1977ஆம் ஆண்டு வெளியிட்ட பட்டியல் அது. அதன்படி 0.41 முதல் 0.60 வரை மிதமான இணக்கம், 0.61 முதல் 0.80 வரை கணிசமான இணக்கம். அதற்கு மேற்பட்டது ஏறக்குறைய நிறைவானது. ஆனால் இந்த எல்லைகள் தாமாக வகுத்துக்கொண்டவையே என்பதை அவ்விருவருமே ஒப்புக்கொண்டிருந்தனர். பரீட்சையிற் சித்திப் புள்ளி போல இதனைக் கொள்வது தவறு. மேலும், 100 கடிதங்களிலிருந்து பெற்ற 0.50 என்பது ஒரு மதிப்பீடு மாத்திரமே. உண்மை நிலை ஏறத்தாழ 0.36க்கும் 0.64க்கும் இடையில் எங்கும் இருக்கலாம். ஆகவே 0.58 தாழ்வு, 0.62 உயர்வு என்று வழக்காடுவதிற் பொருளில்லை. எடுக்கப்போகும் நடவடிக்கைக்கு இந்த அளவு இணக்கம் தாங்குமா என்பதே கேள்வி. இங்கே அது தாங்காது. ஆசிரியையின் கணக்கில் முதற்காரணம் நோய். ஆசிரியரின் கணக்கில் முதற்காரணம் வீட்டுவேலை.

இனி, தாழ்ந்த கப்பாவை வைத்துக்கொண்டு என்ன செய்வது? முதலிற் செய்யத்தக்கது அந்த எண்ணை மறந்து அதன் பின்னாலுள்ள அட்டவணையைப் பார்ப்பதாகும். இணக்கம் தாழ்ந்துள்ளது என்பதை மாத்திரமே கப்பா கூறும். எங்கே தாழ்ந்தது என்பதைக் கூறாது. அட்டவணையில் ஆசிரியையின் மூன்று வகைகள் வரிசைகளாகவும், ஆசிரியரின் மூன்று வகைகள் நிரல்களாகவும் அமையும். இவற்றால் ஒன்பது கட்டங்கள் உண்டாகும். மூலைவிட்டத்திலுள்ள மூன்று கட்டங்கள் ஒத்துப்போனவை. மற்றைய ஆறும் மாறுபட்டவை. மாறுபட்டவை மொத்தம் 32. அவை ஆறு கட்டங்களிலும் ஏறக்குறைய ஒப்பாகப் பரந்து கிடந்தால், வாசித்தவர்கள் களைத்துப் போனார்கள் அல்லது வகைகள் யாவுமே தெளிவற்றவை என்று ஐயுறலாம். இங்கே அவ்வாறில்லை. ஐந்து கட்டங்களில் இரண்டோ மூன்றோதான் உள்ளன. எல்லாம் சேர்ந்து 12. ஒரே கட்டத்தில் மாத்திரம் 20 குவிந்திருக்கின்றன. அது ஆசிரியை நோய் என்றும் ஆசிரியர் வீட்டுவேலை என்றும் குறித்த கட்டம்.

குவிந்த இடத்திற் காரணம் ஒன்று இருக்கும். எனவே அடுத்த படி, அந்த 20 கடிதங்களையும் வெளியே எடுத்து, இருவரும் ஒன்றாக அமர்ந்து வாசித்து, ஒவ்வொன்றிலும் தாம் அவ்வாறு குறித்தமைக்கான காரணத்தைச் சொல்வதாகும். சரி எது, பிழை எது என்று தீர்ப்பளிப்பது இங்கே நோக்கமன்று. சொல்லப்படும் காரணங்களைத் தாளில் எழுதிக்கொள்ள வேண்டும். அவ்வாறு செய்தபோது, இருபதிற் பதினாறு கடிதங்கள் ஒரே வகையினவாக இருந்தன. தாய்க்குக் காய்ச்சல், மகள் சமைத்தாள். பாட்டியை வைத்தியசாலைக்குக் கொண்டு சென்றனர், மகன் வீட்டைக் காத்தான். குழந்தைக்கு அம்மை, அக்காள் அருகிருந்தாள். எல்லாவற்றிலும் நோய் உண்டு. ஆனால் நோயாளி பாடசாலைப் பிள்ளையன்று. கடிதத்தில் நோய் என்ற செய்தி இருந்தால் நோய் எனக் குறித்தார் ஆசிரியை. பிள்ளை அன்று செய்தது என்ன என்பதை வைத்துக் குறித்தார் ஆசிரியர். விதியேட்டிலோ, “நோய்: சுகவீனம் காரணமாக வராமை” என்று ஒரு வரி மாத்திரமே எழுதப்பட்டிருந்தது. அவ்வரி இருவரையும் தாங்கும். குறை வாசித்தவர்களிடம் இல்லை, விதியில் இருந்தது.

விதியைத் திருத்துவது மூன்றாம் படி. திருத்தம் பொதுவான அறிவுரையாக இருத்தலாகாது. “கவனமாகக் குறிக்கவும்” என்று சேர்த்தாற் பயனில்லை. பிளவு நேர்ந்த அதே இடத்தில் எல்லைக்கோடு இடப்பட வேண்டும். இங்கே எழுதத்தக்க விதி இவ்வாறு அமையும்: “பாடசாலைப் பிள்ளை தானே சுகவீனமுற்றிருந்தால் மாத்திரம் நோய் எனக் குறிக்க. வீட்டில் வேறொருவர் சுகவீனமுற்றதனாற் பிள்ளை வேலை செய்யவோ காவலிருக்கவோ நேர்ந்தால் வீட்டுவேலை எனக் குறிக்க. இருவரும் சுகவீனமுற்றிருந்தால் நோய் எனக் குறிக்க.” அதன் கீழ் உள்ளடங்கும் ஓர் எடுத்துக்காட்டும், உள்ளடங்காத ஓர் எடுத்துக்காட்டும் கடிதங்களிலிருந்தே சேர்க்கப்படல் வேண்டும். எல்லைக்கோட்டை எந்தப் பக்கத்தில் இடுவது என்பதைக் கப்பா தீர்மானியாது. ஆய்வின் நோக்கமே தீர்மானிக்கும். பிள்ளைகளுக்கு மருத்துவப் பரிசோதனை வேண்டுமா, குழந்தைப் பராமரிப்பு வேண்டுமா என்பது கேள்வியாதலால், பிள்ளையின் நோயைத் தனியே பிரிப்பது இங்கே பொருந்தும். குடும்பங்களின் சுகாதார நிலை பற்றிய ஆய்வாயின் ஆசிரியையின் வழியே பொருந்தியிருக்கும்.

நான்காம் படியிலேயே பலர் தவறுகின்றனர். திருத்திய விதியை அதே 100 கடிதங்களுக்கு இட்டு மீண்டும் கப்பாவைக் கணக்கிட்டால், அது நிச்சயம் உயரும். ஆனால் அவ்வுயர்வு இருவர்க்கும் அந்தக் கடிதங்கள் நினைவிலிருப்பதைக் காட்டுமேயன்றி, விதி தெளிவானதைக் காட்டாது. ஆகவே இருவரும் முன்பு காணாத வேறு 100 கடிதங்களை எடுத்து, ஒருவரோடொருவர் பேசாமல், தனித்தனியே குறிக்க வேண்டும். அவ்வாறு குறித்தபோது, நோய் என்று இருவரும் சொன்னவை 33, வீட்டுவேலை 38, பிற 15, இணக்கம் 86. ஆசிரியையின் மொத்தங்கள் முறையே 39, 43, 18. ஆசிரியரின் மொத்தங்கள் 37, 44, 19. தற்செயல் இணக்கம் 36.77. கப்பா 0.78.

இரண்டு தொகுதிகளையும் ஒப்பிட்டால், தற்செயல் இணக்கம் ஏறக்குறைய மாறவில்லை. உயர்ந்தது வாசிப்பின் இணக்கமே. அதைவிட முக்கியமானது, இப்போது இருவர் கணக்கிலும் வீட்டுவேலையே முதலிடம் பெறுகின்றது. முதற் சுற்றில் ஆசிரியை ஒருவரே வாசித்திருந்தால், பணம் மருத்துவப் பரிசோதனைக்குச் சென்றிருக்கும். விதி மாறிவிட்டதாதலால், பழைய விதியின்படி குறிக்கப்பட்ட முதல் நூறு கடிதங்களையும் புதிய விதிப்படி மீண்டும் குறித்தே முடிவான கணக்கிற் சேர்க்க வேண்டும். அவற்றைப் பழைய குறிகளோடு சேர்த்தால் ஒரே அட்டவணையில் இரண்டு வரைவிலக்கணங்கள் கலந்துவிடும்.

கப்பாவை உயர்த்தக் குறுக்கு வழிகளும் உண்டு. அவை எண்ணை உயர்த்தும், ஆய்வைக் கெடுக்கும். இருவரும் பேசி, மாறுபட்ட குறிகளை மாற்றிவிட்டுப் பின்னர் கப்பாவைக் கணக்கிடுவது அவற்றுள் ஒன்று. பேசித் தீர்ப்பது முடிவான தரவுக்குத் தேவையானதே. ஆனால் வெளியிடும் கப்பா பேசுவதற்கு முன் கண்ட குறிகளினதாக இருத்தல் வேண்டும். அதிலும், பதவியில் மூத்தவர் சொன்னதை இளையவர் ஏற்றுக்கொண்டால் அங்கே இருவர் வாசிப்பு இல்லை. ஒருவர் வாசிப்பே இரு தாள்களில் இருக்கும். மாறுபட்ட கடிதங்களை “தெளிவற்றவை” என்று விலக்குவது மற்றொன்று. அவ்வாறு விலக்கியிருந்தால், தாயின் நோயால் வீட்டில் நின்ற பிள்ளைகளே கணக்கிலிருந்து மறைந்திருப்பர். நோயையும் வீட்டுவேலையையும் ஒரே வகையாக இணைப்பது மூன்றாவது வழி. அவ்வாறு இணைத்தால் இருவர்க்கும் சண்டையில்லை. கேட்க வந்த கேள்விக்கு விடையும் இல்லை.

விதியைக் கூர்மையாக்கினால் இணக்கம் உயரும் என்பதற்கு உளநோய் மருத்துவ வரலாறு ஒரு சான்று. 1974ஆம் ஆண்டு அமெரிக்க மருத்துவர் ரொபட் ஸ்பிட்சரும் புள்ளிவிபரவியலாளர் யோசெப் பிளைசும், அதற்கு முன்னர் செய்யப்பட்ட ஆய்வுகளின் எண்களைக் கப்பா முறையில் மீளக் கணக்கிட்டனர். ஒரே நோயாளியைக் கண்ட இரு மருத்துவர்கள் நோயின் பெயரில் ஒத்துப்போவது, பெரும்பாலான நோய் வகைகளில் திருப்தியான அளவில் இல்லை என்று அதிற் புலனாயிற்று. பின்னர் ஸ்பிட்சர் தலைமையில் அமெரிக்க உளநோய் மருத்துவர் சங்கத்தின் நோய் வகைநூல் புதுக்கப்பட்டு 1980ஆம் ஆண்டு மூன்றாம் பதிப்பாக வெளிவந்தது. அதில் ஒவ்வொரு நோய்க்கும், எந்த அறிகுறிகளில் எத்தனை இருக்க வேண்டும், எவ்வளவு காலம் நீடித்திருக்க வேண்டும் என்று விதிகள் எழுதப்பட்டன. எனினும் விதி மாத்திரம் எல்லாவற்றையும் தீர்த்துவிடவில்லை. 2013இல் வெளிவந்த ஐந்தாம் பதிப்புக்கான களச் சோதனைகளில், இரு மருத்துவர்கள் வெவ்வேறு வேளைகளில் ஒரே நோயாளியைத் தனித்தனியே கண்டனர். பேரதிர்ச்சிக்குப் பின் வரும் மனவழுத்த நோய்க்குக் கப்பா 0.67 எனக் கிடைத்தது. பெரும் மனச்சோர்வு நோய்க்கோ 0.28 மாத்திரமே. கடிதம் இருவர் கையிலும் ஒரே கடிதமாக இருக்கும். மனிதர் அவ்வாறில்லை, ஒருவரிடம் ஒரு நாளிற் சொல்வதை மற்றவரிடம் மற்றொரு நாளிற் சொல்லாதிருக்கலாம். எனவே கப்பா தாழ்ந்தவிடத்து, வாசித்தவர்களும் விதியும் மாத்திரமின்றி, வாசிக்கப்பட்ட பொருளே மாறியதா என்றும் பார்த்தல் வேண்டும்.

இனி, கப்பா தாழ்வதற்கு முற்றிலும் வேறான ஒரு காரணம் உண்டு. அதே கடிதங்களில் ஆசிரியையும் ஆசிரியரும் இன்னொன்றையும் தேடுகின்றனர்: பாடசாலையிற் கிடைக்கும் தண்டனைக்கு அஞ்சிப் பிள்ளை வராதிருந்தமைக்கு அறிகுறி உண்டா, இல்லையா? இத்தகைய கடிதங்கள் அரிது. நூறில் 90 கடிதங்களில் இருவரும் இல்லை என்கின்றனர். 2 கடிதங்களில் இருவரும் உண்டு என்கின்றனர். ஆசிரியை மாத்திரம் உண்டு என்றவை 4. ஆசிரியர் மாத்திரம் உண்டு என்றவை 4. இணக்கம் 92. ஆனால் கப்பா 0.29 மாத்திரமே!

இது கணக்குப் பிழையன்று. இருவரும் நூறில் 94 கடிதங்களில் இல்லை என்பவராதலால், வாசியாமலே 88.72 அளவுக்கு ஒத்துப்போவர். ஆதாயம் பெற எஞ்சிய இடம் 11.28, பெற்றது 3.28. உண்டு, இல்லை என்னும் இரண்டும் சம அளவில் இருந்திருந்தால் இதே 92 இணக்கத்துக்குக் கப்பா 0.84 ஆகியிருக்கும். மிகுந்த இணக்கத்தோடு தாழ்ந்த கப்பா சேர்ந்து வரும் இம்முரணை 1990ஆம் ஆண்டு பைன்ஸ்ரைன், சிசெற்றி என்னும் இருவர் விரிவாக எடுத்துக்காட்டினர். இதனைக் காண்போர் சிலர், கப்பா பொய் சொல்கின்றது, 92ஐயே எழுதிவிடலாம் என்பர். அரிதாதலின் விளைவை நீக்கித் திருத்திய கப்பா என்று ஒன்று உண்டு. அதன்படி இங்கே 0.84 வரும். அதனை எழுதி அமைதி கொள்வோரும் உளர்.

அந்த அமைதி எதனை மறைக்கின்றது என்பதை அறிய, இரண்டு பக்கங்களையும் பிரித்துப் பார்க்க வேண்டும். ஆசிரியை உண்டு என்றவை 6. ஆசிரியர் உண்டு என்றவை 6. இந்தப் பன்னிரண்டு குறிகளில் ஒன்றோடொன்று பொருந்தியவை 4. அதாவது உண்டு என்ற பக்கத்தில் இணக்கம் 0.33. இல்லை என்ற பக்கத்திலோ 0.96. ஆகவே அச்சம் இல்லாத கடிதத்தை அறிவதில் இருவரும் வல்லவர். அச்சம் உள்ள கடிதத்தை அறிவதில் மூன்றில் ஒரு பங்கே ஒத்துப்போகின்றனர். தேடச் சென்றதோ அச்சத்தை. இங்கே கப்பா பொய் சொல்லவில்லை. 92 என்ற எண்ணே தேற்றிவிடுகின்றது.

இவ்விடத்தில் மருந்தும் வேறு. நூறு கடிதங்களில் உண்டு என்று ஒருவரேனும் குறித்தவை பத்துத்தான். பத்தை வைத்து ஒரு விதியின் எல்லையைக் காண்பது கடினம். இத்தகைய சிறு தொகையில் ஓரிரு கடிதங்கள் மாறினாலே கப்பா பெரிதும் ஏறும் அல்லது இறங்கும். எனவே பயிற்சிக்கென, அச்சத்தின் அறிகுறி மிகுந்த கடிதங்களைத் தேடிச் சேர்த்து ஒரு தனித் தொகுதி அமைத்தல் வேண்டும். “வயிற்றுவலி” என்று மாத்திரம் திங்கள்தோறும் வரும் கடிதம் அச்சத்தின் அறிகுறியாகுமா, தண்டனை என்ற சொல் வெளிப்படையாக இருந்தால் மாத்திரம் ஆகுமா என்பன போன்ற எல்லைகளை அத்தொகுதியிற் கண்டு விதி எழுதலாம். ஆனால் அத்தொகுதியிற் பெற்ற கப்பாவை எல்லாக் கடிதங்களுக்கும் உரியதென வெளியிடலாகாது. வகைகளின் அளவு மாறினாற் கப்பாவும் மாறும் என்பது மேலே காணப்பட்டது. இறுதிக் கணக்கிலோ, இருவரில் ஒருவரேனும் உண்டு என்று குறித்த கடிதம் ஒவ்வொன்றும் மூன்றாமவரால் வாசிக்கப்படல் வேண்டும். அறிக்கையிற் கப்பாவோடு நான்கு கட்டங்களின் எண்களையும் கொடுத்துவிட்டால், படிப்பவர் ஏமாறமாட்டார்.

கப்பா உயர்ந்தவிடத்தும் ஓர் எல்லை நினைவிலிருக்க வேண்டும். இருவர் ஒத்துப்போவது வேறு. இருவரும் சரியாக இருப்பது வேறு. பிள்ளையை அறுவடைக்கு அனுப்பிவிட்டுக் காய்ச்சல் என்று தகப்பன் எழுதியிருந்தால், இருவரும் ஒருமித்து நோய் என்றே குறிப்பர். கப்பா 1 ஆனாலும் செய்தி பொய்யே. அதனைக் கண்டுபிடிக்க வீட்டுக்குச் செல்ல வேண்டும், அட்டவணை போதாது. கடிதத்தை இருவர் ஒரே வகையில் வாசிக்கின்றனரா என்ற ஒரு கேள்விக்கே கப்பா விடை கூறும்.

அவ்விடை “இல்லை” என்று வரும்போது அதனை மறைக்க வேண்டியதில்லை. 0.50 என்ற எண் வந்திராவிட்டால் அந்த இருபது கடிதங்களை யாரும் வெளியே எடுத்திரார். எடுத்திராவிட்டால், தாய்க்குக் காய்ச்சல் வந்த நாளில் அடுப்படியில் நின்ற சிறுமி, நோயாளியாகவே கணக்கில் எழுதப்பட்டிருப்பாள். அவளுக்குத் தேவையான உதவி வேறிடத்துக்குப் போயிருக்கும்.